சப்பை நோய்: நொண்டலுக்கும் சாவுக்கும் இடையில் ஓர் இரவு

மாட்டுக் கூட்டத்தில் முதலில் சாவது மெலிந்த கன்றாக இருக்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். சப்பை நோய் அப்படி வருவதில்லை. நன்றாகத் தின்று, உருண்டு திரண்டு, தோல் பளபளக்க நிற்கும் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையான கிடேரியையும் காளைக்கன்றையும் தேடித்தான் அது வரும். மாலையில் லேசாக நொண்டிய மாடு மறுநாள் காலை தொழுவத்தில் விறைத்துக் கிடக்கும். சாணம், எச்சில், மூச்சு வழியாக ஒரு மாட்டிடமிருந்து இன்னொன்றுக்கு நேராகப் பரவாது. ஆனாலும் ஒரே வாரத்தில் ஒரே தொழுவத்தில் இரண்டு மூன்று மாடுகள் சாகும்.

மருந்துக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் பென்சிலினுக்கு இந்தக் கிருமி நன்றாகவே அடங்கும். அப்படியிருந்தும் நோய் கண்ட மாடுகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. இந்த முரண்பாடு விளங்கினால் தடுப்பூசியை எப்போது, எத்தனை முறை, எந்த வயதில் போடவேண்டும் என்பதும் தானாக விளங்கிவிடும்.

உடலுக்குள் உறங்கும் வித்து

நோயை உண்டாக்குவது கிளாஸ்டிரிடியம் சோவியை என்ற பாக்டீரியா. ஆக்சிஜன் உள்ள இடத்தில் இதனால் வளர முடியாது. சூழல் ஒத்துவராதபோது கடினமான உறைக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டு, ஸ்போர் எனப்படும் வித்தாக மாறிவிடும். இந்த வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். வெயிலோ குளிரோ வறட்சியோ அவற்றை எளிதில் அழிப்பதில்லை. வெள்ளம் வடிந்த நிலம், புதிதாகத் தோண்டிய இடம், மேல்மண் புரட்டிப்போட்ட வயல் ஆகியவற்றில் ஆழத்தில் கிடந்த வித்துகள் மேலே வந்து புல்லில் ஒட்டிக்கொள்ளும். முன்பு இந்த நோயில் செத்த மாட்டை மேலாகப் புதைத்த இடம் என்றால் கேட்கவே வேண்டாம்.

மாடு மேயும்போது புல்லோடும் மண்ணோடும் வித்துகள் உள்ளே போகின்றன. அதனால் உடனே நோய் வந்துவிடுவதில்லை. குடல் சுவரைக் கடந்து, இரத்தத்தின் வழியாகத் தசைகளுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் போய், எந்த அறிகுறியும் காட்டாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. நலமாக இருக்கும் மாடுகளின் உடலிலும் இந்த வித்துகள் கண்டறியப்பட்டுள்ளன. ஆகவே நோய் தொடங்கும் நாளும் கிருமி உடலுக்குள் வந்த நாளும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. இரண்டுக்கும் இடையே வாரங்களோ மாதங்களோ கூட ஓடியிருக்கலாம்.

வித்தை எழுப்புவது தசையில் ஏற்படும் ஆக்சிஜன் குறைவு. இளங்கன்றுகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன, கட்டைத்தறியில் மோதுகின்றன, வண்டியில் ஏற்றும்போது வழுக்கி விழுகின்றன, நாய் துரத்தினால் தலைதெறிக்க ஓடுகின்றன. அப்போது தோல் கிழிந்து காயம் ஏற்படவேண்டும் என்பதில்லை. உள்ளே தசை கன்றி அந்த இடத்தில் இரத்தவோட்டம் தடைப்பட்டாலே போதும். ஆக்சிஜன் இல்லாத சிறு பகுதி ஒன்று உருவாகி, அங்கே உறங்கிக் கிடந்த வித்து முளைத்துப் பெருகத் தொடங்கும். ஆட்டில் நிலைமை கொஞ்சம் வேறு. மயிர் கத்தரிக்கும்போதும் வால் வெட்டும்போதும் ஈனும்போதும் ஏற்படும் வெளிக்காயம் வழியாகவே பெரும்பாலும் கிருமி நுழைகிறது. மாட்டில் வெளியே காயமே தெரியாததால்தான் நொண்டலுக்குக் காரணம் புரியாமல் போய்விடுகிறது.

கொழுத்த கன்றுகளையே இது தேடி வருவதற்கும் தசையில்தான் காரணம் இருப்பதாகக் கருதப்படுகிறது. நல்ல தீனி தின்று வேகமாக வளரும் கன்றின் தசையில் கிளைக்கோஜன் எனும் சேமிப்புச் சர்க்கரை நிறைய இருக்கும். கிருமி புளிக்கவைத்துப் பெருக அது நல்ல உணவு. இரண்டு வயதைத் தாண்டிய மாடுகளுக்கு முந்தைய தடுப்பூசிகளாலோ மண்ணிலுள்ள கிருமியோடு பழகியதாலோ பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடுகிறது. சீம்பால் குடித்த இளங்கன்றுக்குத் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் முதல் சில மாதங்களுக்குக் காவலாக நிற்கின்றன. இந்த இரண்டு காவல்களுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. சப்பை நோயில் பெரும்பகுதி அந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

தசைக்குள் நடப்பது

முளைத்த கிருமி நச்சுப் புரதங்களைச் சுரக்கிறது. அவற்றில் முதன்மையானது உயிரணுக்களின் சவ்வில் துளை போடுகிறது. துளை விழுந்த தசையணுவும், இரத்த நாளத்தின் உட்சுவர் அணுவும், கிருமியைத் தின்ன வந்த வெள்ளையணுவும் ஒருசேரச் சாகின்றன. வேறு சில நொதிகள் அணுக்களை இணைத்து வைத்திருக்கும் பொருளைக் கரைத்துவிடுவதால் கிருமிக்குத் தசைநார்களின் இடுக்கு வழியே பரவப் பாதை கிடைக்கிறது. நாளங்கள் அடைபட்டதும் ஆக்சிஜன் இன்னும் குறைகிறது. ஆக்சிஜன் குறையக் குறையக் கிருமி இன்னும் வேகமாகப் பெருகுகிறது. தன் வளர்ச்சிக்கு வேண்டிய சூழலைத் தானே விரித்துக்கொண்டு போவதால்தான் நோய் மணிக்கணக்கில் முற்றுகிறது.

சர்க்கரையை இது புளிக்கவைக்கும்போது ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வெளியாகின்றன. செத்த தசைக்குள் இந்த வாயு சிறு குமிழிகளாகத் தேங்கி, தோலுக்கடியிலும் பரவுகிறது. கூடவே பியூட்டிரிக் அமிலமும் உண்டாகிறது. பாதிக்கப்பட்ட தசையை அறுத்தால் கெட்டுப்போன வெண்ணெயின் வாடை அடிப்பது இதனால்தான். ஒருமுறை அந்த வாடையை நுகர்ந்தவர் மறக்கமாட்டார்.

வீக்கத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பதில் ஒரு முறை இருக்கிறது. ஒற்றை விரலால் குத்திப் பார்க்கக்கூடாது. நான்கு விரல்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தட்டையாக வைத்து, மெல்ல அழுத்தி அலைபோல நகர்த்தவேண்டும். வாயு இருந்தால் காய்ந்த சருகை மிதித்தாற்போல் நறநறவென்று விரலுக்கடியில் உடையும். அந்த ஓசை காதுக்குக் கேட்பதைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும். வீக்கத்தின் நடுவைவிட அதன் ஓரத்தில், தொடையிலிருந்து இடுப்பு நோக்கிப் பரவும் விளிம்பில், நறநறப்பைத் தேடுவது நல்லது. நடுவில் தோல் இறுகிவிட்டிருக்கும்.

முதல் சில மணி நேரம் வீக்கம் சிறியதாகவும் சூடாகவும் இருக்கும், தொட்டால் மாடு உதைக்கும். பிறகு அதே இடம் குளிர்ந்து உணர்ச்சியற்றுப் போகும். அழுத்தினாலும் மாடு திரும்பிப் பார்க்காது. தோல் கறுத்து, காய்ந்து, தோலுரித்துக் காயவைத்த பதமாக விறைக்கும். வலி நின்றுவிட்டது, மாடு தேறுகிறது என்று பலரும் நினைப்பது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் அந்த இடத்தின் நரம்பும் நாளமும் செத்துவிட்டன என்பதே இதற்குப் பொருள்.

தொடை, இடுப்பு, தோள்பட்டை, கழுத்து போன்ற பெரிய தசைகளில்தான் இது பொதுவாக வரும். ஆனால் எப்போதும் வெளியே தெரியும் இடத்தில்தான் வரும் என்று நம்பிவிடக்கூடாது. இதயத் தசையிலோ, உதரவிதானத்திலோ, நாக்கின் அடியிலோ தொடங்கினால் வீக்கமும் இல்லை, நொண்டலும் இல்லை. திடீர்ச் சாவு மட்டும்தான். அத்தகைய சாவுகளில் எத்தனை பாம்புக்கடி என்று கணக்கில் எழுதப்பட்டிருக்கும் என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

பதினைந்து மணி நேரம்

நோய் நடக்கும் விதத்தை ஒரு தொழுவத்தில் வைத்துப் பார்ப்போம். ஏழு இளமாடுகள், நான்கு பால்மாடுகள். மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்னால் ஆண்டுதோறும் தடுப்பூசி போடும் வழக்கம் அங்கே உண்டு. மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் மண் எடுத்துப் பள்ளமாக்கியிருக்கிறார்கள். அந்த ஆண்டு கோடைமழை முந்திக்கொண்டு பெய்து, பள்ளத்தைச் சுற்றிப் புதுப்புல் முளைத்துவிட்டது. இளமாடுகள் பத்து நாளாக அங்கே மேய்கின்றன. அந்த ஆண்டின் தடுப்பூசிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

மாலை ஐந்து மணி. பதின்மூன்று மாதக் கிடேரி ஒன்று மந்தைக்குப் பின்னால் தங்கித் தங்கி வருகிறது. வலது பின்னங்காலை ஊன்றத் தயங்குகிறது. குளம்பைத் தூக்கிப் பார்த்தால் முள்ளும் இல்லை, கல்லும் இல்லை. "எங்கேயாவது முட்டிக்கிட்டிருக்கும், விடிஞ்சா சரியாயிரும்" என்று கட்டிவிடுகிறார்கள். ஏறக்குறைய எல்லாத் தொழுவங்களிலும் இதைத்தான் சொல்வார்கள். நொண்டும் நூறு மாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது சரியாகவும் இருக்கும்.

இரவு எட்டரை. கிடேரி தீனியை முகர்ந்துவிட்டு விலகுகிறது. அசைபோடவில்லை. தெர்மாமீட்டர் வைத்தால் 106 டிகிரி பாரன்ஹீட் காட்டும். மாட்டின் இயல்பான வெப்பம் 101.5 டிகிரியை ஒட்டி இருக்கும். அடிபட்ட காலுக்கு இவ்வளவு காய்ச்சல் அடிப்பதில்லை. என் பார்வையில் மொத்தக் கதையும் திரும்பியிருக்கக்கூடிய இடம் இதுதான். இளமாடு நொண்டினால் காலைப் பார்க்கும் அதே கையோடு வெப்பத்தையும் பார்க்கவேண்டும். நொண்டலும் காய்ச்சலும் சேர்ந்து இருந்தால் வீக்கத்துக்காகக் காத்திருக்காமல் அந்த நேரத்திலேயே கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும்.

நள்ளிரவு. தொடையின் மேற்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்கு வீக்கம். சூடாக இருக்கிறது, தொட்டால் துள்ளுகிறது. அதிகாலை நான்கு மணிக்கு வீக்கம் இடுப்புவரை ஏறிவிட்டது. குளிர்ந்திருக்கிறது. அழுத்தினால் நறநறக்கிறது. கிடேரி படுத்துவிட்டது, எழவில்லை. வெப்பம் 100 டிகிரிக்கு இறங்கியிருக்கிறது. காய்ச்சல் விட்டது என்று மகிழவேண்டிய இறக்கம் அல்ல இது. நச்சு உடல் முழுக்கப் பரவி, இரத்தவோட்டம் ஓய்ந்துவரும் அடையாளம். காலை எட்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. முதல் நொண்டலிலிருந்து எண்ணினால் பதினைந்து மணி நேரம். பொதுவாக 12 முதல் 48 மணி நேரத்துக்குள் முடிவு வந்துவிடும் நோய் இது.

நான்கு மணிக்கு மருத்துவர் வந்திருந்தால்? பெரிய அளவில் பென்சிலினை நரம்பில் ஏற்றியிருப்பார். கிருமிக்கு அந்த மருந்து எமன்தான். ஆனால் மருந்து இரத்தத்தோடுதான் பயணிக்கும், தொடைத் தசைக்கோ இரத்தம் போவது நின்று பல மணி நேரம் ஆகிவிட்டது. மருந்து நுழைய முடியாத செத்த தசைக்குள் கிருமி பத்திரமாக இருக்கிறது. போகும் இடத்தில் கிருமியைக் கொன்றாலும், ஏற்கெனவே சுரந்து இரத்தத்தில் கலந்துவிட்ட நச்சைப் பென்சிலினால் ஒன்றும் செய்ய முடியாது. கிருமி அடங்கக்கூடிய நோயில் மாடு பிழைக்காததற்கு இவையே காரணங்கள். எட்டரை மணிக்கு, வீக்கம் வருவதற்கு முன்பே, அதே மருந்தைக் கொடுத்திருந்தால் வாய்ப்பு இருந்திருக்கும். அப்போதும் உறுதி சொல்ல முடியாது. பிழைத்தாலும் செத்த தசை அழுகிக் கழன்று, கால் ஊனமாகும் மாடுகள் உண்டு.

வீக்கத்தைக் கீறிவிட்டுக் காற்றை வெளியேற்றும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. வாயு வெளியேறினால் நோய் குறையாது. வாயு நோயின் விளைவுதான். கீறலிலிருந்து வழியும் நீரில் கோடிக்கணக்கான கிருமிகள் தொழுவ மண்ணில் இறங்கி வித்தாக மாறும். அடுத்த ஆண்டின் கன்றுகளுக்கு நாமே விதைத்துவிடுவதாக ஆகும்.

செத்த பிறகு செய்யும் தவறு

கிடேரி பக்கவாட்டில் கிடக்கிறது. பாதிக்கப்பட்ட கால் விறைத்து நீண்டிருக்கிறது. வயிறு ஊதிவிட்டது. மூக்கிலிருந்து இரத்தம் கலந்த நுரை. இந்தக் காட்சியைப் பார்த்ததும் கத்தியை எடுக்கக்கூடாது. அடைப்பான் நோயிலும் மாடு திடீரென்று சாகும், துவாரங்களிலிருந்து இரத்தம் வரும். அடைப்பான் மனிதருக்குத் தொற்றும், உயிரையும் எடுக்கும். உடலை அறுத்தால் அதன் கிருமி காற்றுப்பட்டு வித்தாகி நிலத்தையே கெடுத்துவிடும்.

ஆகவே முறை இதுதான்: முதலில் காதின் நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் பூசி, நுண்ணோக்கியில் பார்த்து அடைப்பான் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்யவேண்டும். அதன் பிறகுதான் தசையைத் திறப்பது. சப்பை நோயாக இருந்தால் தசை கருஞ்சிவப்பாக, நடுவே ஏறக்குறையக் கறுப்பாக, உலர்ந்து, சிறு துளைகளோடு பஞ்சு போலத் தெரியும். அதைச் சுற்றியுள்ள பகுதி நீர்கோத்து ஈரமாக இருக்கும்.

ஆய்வகத்துக்கு அனுப்பும் தசைத்துண்டு செத்த சில மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருப்பது மிக முக்கியம். கிளாஸ்டிரிடியம் செப்டிகம் என்ற உறவுக்காரக் கிருமி குடலில் குடியிருக்கிறது. மாடு செத்ததும் அது குடலைவிட்டு வெளியேறித் தசைக்குள் பரவிவிடும். தாமதமாக எடுத்த துண்டில் இதுவே வளர்ந்து, உண்மையான காரணியை மறைத்துவிடும். இதே செப்டிகம் உயிரோடிருக்கும் மாட்டிலும் வாயு வீக்கத்தை உண்டாக்கும். ஆனால் பெரும்பாலும் அது ஊசி குத்திய இடத்திலோ, ஈன்றபோது கிழிந்த இடத்திலோ, வெளிக்காயத்திலோ தொடங்கும். வயது வித்தியாசமும் பார்க்காது. இளமாடு, காயம் இல்லை, பெரிய தசை என்ற மூன்றும் சேர்ந்தால் சப்பை நோய் என்று சந்தேகிப்பதே சரி.

உடலை மேய்ச்சல் நிலத்தில் இழுத்துச் செல்லக்கூடாது. இழுத்த வழியெல்லாம் கிருமி சிந்தும். கிடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே எரிப்பது முதல் தேர்வு. முடியாவிட்டால் நீர்நிலையிலிருந்து விலகி, நாயும் நரியும் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்கவேண்டும். தோலை உரிப்பதும் இறைச்சியைப் பகிர்வதும் கூடவே கூடாது.

மிச்சமிருக்கும் ஆறு

அந்தத் தொழுவத்தில் இனி என்ன செய்வது? அதே புல்லைத் தின்ற ஆறு இளமாடுகள் இருக்கின்றன. அவற்றின் தசையிலும் வித்துகள் உறங்கலாம். அன்றே அவற்றை அந்த நிலத்திலிருந்து விலக்கி, உலர்ந்த இடத்தில் கட்டித் தீனி போடுகிறார்கள். ஓடவிடாமல், முட்டவிடாமல் பிரித்துக் கட்டுவதும் இதில் அடங்கும். எல்லாவற்றுக்கும் அன்றே தடுப்பூசி போடப்படுகிறது. கூடவே மருத்துவர் பென்சிலினும் கொடுக்கிறார். இதில் பலருக்கும் சந்தேகம் வரும்: தடுப்பூசியோடு ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஊசி கெட்டுப்போகாதா? இந்தத் தடுப்பூசியில் இருப்பது ஃபார்மலினால் கொல்லப்பட்ட கிருமியும் முறிக்கப்பட்ட நச்சும். செத்ததைப் பென்சிலின் மறுபடி கொல்லப்போவதில்லை. எனவே இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது.

தடுப்பூசியின் பாதுகாப்பு எழுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பென்சிலின் காவல் நிற்பது அந்த இடைநாட்களின் தொடக்கத்துக்குத்தான். ஊசி போட்ட பிறகும் அந்த இரண்டு வாரத்துக்குள் புதிதாக மாடு விழலாம். அதைப் பார்த்து ஊசியால்தான் நோய் வந்தது என்று முடிவுகட்டி, மறுமுறை ஊசியே வேண்டாம் என்று ஒதுங்கும் வீடுகள் உண்டு. அந்த மாட்டுக்குள் கிருமி ஊசிக்கு முன்பே விழித்துவிட்டது என்பதே உண்மை. ஆகவே இந்த நாட்களில் காலையும் மாலையும் ஒவ்வொன்றுக்கும் வெப்பம் பார்த்து எழுதிவைக்கவேண்டும்.

மூன்றாம் நாள் மாலை ஒரு காளைக்கன்றுக்கு 105 டிகிரி. லேசாகத் தோள் தாங்குகிறது. வீக்கம் இல்லை. உடனே நரம்பில் பென்சிலின் ஏறுகிறது, தொடர்ந்து தசையிலும் சில நாள். கன்று பிழைத்துக்கொள்கிறது. கிடேரிக்கும் இதற்கும் மருந்து ஒன்றுதான், கிருமியும் ஒன்றுதான். வேறுபட்டது நேரம் மட்டும்.

இடைவெளி விழுந்தது எங்கே

அந்த வீட்டில் ஆண்டுதோறும் தடுப்பூசி போடத்தான் செய்தார்கள். பிறகு எப்படி நடந்தது? கிடேரியின் வயதைப் பின்னோக்கி எண்ணிப் பார்க்கலாம். சாகும்போது அதற்குப் பதின்மூன்று மாதம். அந்த ஆண்டின் முறைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அப்படியானால் சென்ற ஆண்டு முறையின்போது அதற்கு இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. "சின்னக் கன்று, அடுத்த முறை பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டார்கள். அந்த முடிவில் ஓரளவு நியாயமும் உண்டு. அந்த வயதில் சீம்பாலிலிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்கள் நிறைய இருக்கும். அவை கன்றைக் காப்பாற்றுவதோடு, தடுப்பூசியையும் மடக்கிவிடும். கன்றின் உடல் தானாக எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளாமல் போகும்.

தவறு அங்கே இல்லை. அடுத்த முறை என்பது ஓராண்டு கழித்து என்று வைத்துக்கொண்டதில்தான் தவறு. தாயின் புரதங்கள் மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்துவிடுகின்றன. அதன் பிறகு ஒன்பது மாதம் அந்தக் கிடேரி எந்தக் காவலும் இல்லாமல் நின்றது. நோய் அதிகம் வரும் வயதும் சரியாக அதுவே.

மூன்றாம் நாள் காய்ச்சல் கண்ட காளைக்கன்றின் கதை வேறு. அதற்குச் சென்ற ஆண்டு நான்கு மாத வயதில் ஓர் ஊசி போட்டிருந்தார்கள். மீண்டும் போடவில்லை. கொல்லப்பட்ட கிருமியால் செய்த தடுப்பூசிக்கு முதல் ஊசி ஓர் அறிமுகம் மட்டுமே. எதிர்ப்பு மெல்ல எழுந்து சீக்கிரம் இறங்கிவிடும். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து இரண்டாவது ஊசி போடும்போதுதான் உடல் அதை அடையாளம் கண்டு வலுவாகவும் நீண்ட நாளும் நிற்கும் அளவுக்கு எதிர்ப்பை உருவாக்கும். முதல் ஊசியின்போது தாயின் புரதம் கொஞ்சம் மிச்சம் இருந்திருந்தால் அந்த அறிமுகம்கூட நடந்திருக்காது. இரண்டாவது ஊசி அதையும் ஈடுகட்டும்.

இதே தொழுவத்தில் அதுவரை ஊசியே போடாத இன்னொரு கன்றும் இருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. வித்து உள்ளே போயிருக்காது, போயிருந்தாலும் எழுப்பும் அடி படாமல் இருந்திருக்கும். இப்படித் தப்பும் கன்றுகள்தான் "நாங்கள் ஊசியே போட்டதில்லை, ஒன்றும் ஆனதில்லை" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கின்றன.

ஆகவே மந்தைக்கு ஒரே நாள் என்று குறித்து வைப்பதைவிட, ஒவ்வொரு கன்றின் பிறந்த தேதியிலிருந்து கணக்கிடுவதே சரி. நான்கு மாதம் முடிந்ததும் முதல் ஊசி, ஐந்தரை மாதத்துக்குள் இரண்டாவது, பிறகு ஆண்டுக்கு ஒன்று, அதுவும் அந்தப் பகுதியில் நோய் வழக்கமாகத் தலைகாட்டும் பருவத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பாக. எந்த வயதில் தொடங்குவது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஆறு மாதத்தில் ஒற்றை ஊசி என்று சொல்லும் திட்டங்களும் உண்டு. புட்டியின் லேபிளும் உள்ளூர் மருத்துவரின் அறிவுரையும்தான் முடிவு. நோய் அடிக்கடி வரும் நிலத்தில் ஆறு மாதம்வரை காத்திருப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. சினைப்பசுவுக்கு ஊசி தவறாமல் இருந்தால் அதன் சீம்பால் கன்றின் முதல் மாதங்களைத் தாங்கும் என்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

புட்டியிலிருந்து தோலுக்கடியில்

சரியான வயதில் போட்டும் பலிக்காமல் போவதற்கு வழிகள் இருக்கின்றன. அவற்றில் அதிகம் கவனிக்கப்படாதது உறைதல். ஊசி மருந்து கெடாமல் இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைப்பவர்கள் உண்டு. இந்த மருந்தில் கிருமிப் பொருள் அலுமினிய உப்பின் நுண்துகள்களில் ஒட்டியிருக்கிறது. அந்தத் துகள்கள்தான் அதை மெல்ல மெல்ல விடுவித்து, உடலின் கவனத்தை ஈர்க்கின்றன. ஒருமுறை உறைந்தால் துகள்கள் திரண்டு கட்டியாகிவிடும். பிறகு உருகினாலும் பழைய நிலைக்கு வராது. குலுக்கிவிட்டு நிறுத்தி வைத்தால் செதில் செதிலாக வேகமாகப் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும் புட்டி உறைந்த புட்டியாக இருக்கலாம். அதைப் பயன்படுத்தக்கூடாது. வைக்கவேண்டியது 2 முதல் 8 டிகிரி செல்சியஸில். ஐஸ் பெட்டியில் கொண்டுபோகும்போதும் புட்டி பனிக்கட்டியை நேரடியாகத் தொடாமல் ஒரு துணி சுற்றிக்கொள்வது நல்லது.

துகள்கள் அடியில் படியும் தன்மை உள்ளதால் ஒவ்வொரு முறை சிரிஞ்சில் ஏற்றும்போதும் புட்டியைக் குலுக்கவேண்டும். தொடக்கத்தில் மட்டும் குலுக்கினால் சில மாடுகளுக்கு வெறும் நீரும் வேறு சிலவற்றுக்கு அளவுக்கு மீறிய மருந்தும் போகும். கன்று சிறியது என்று அளவைக் குறைப்பதும் தவறு. மருந்தின் அளவை நிர்ணயிப்பது உடல் எடை அல்ல, எதிர்ப்பை எழுப்பத் தேவையான பொருளின் அளவு. மாட்டுக்கு 5 மில்லி என்று லேபிள் சொன்னால் நான்கு மாதக் கன்றுக்கும் அதே 5 மில்லிதான்.

ஊசி போடும் இடம் கழுத்தின் பக்கவாட்டில் தோல் தளர்ந்திருக்கும் பகுதி. தோலைக் கூடாரம் போல இழுத்துப் பிடித்து, அடிவாரத்தில் ஊசியை நுழைத்து, தோலுக்கும் தசைக்கும் இடையில் மருந்தை விடவேண்டும். தசைக்குள் குத்தக்கூடாது. அன்று கன்றுகளை விரட்டிப் பிடித்து, முட்டித் தள்ளி அடைப்பதையும் தவிர்க்கவேண்டும். வித்தை எழுப்பும் அடியை ஊசி போடும் நாளிலேயே கொடுத்துவிடக்கூடாது அல்லவா? போட்ட இடத்தில் எலுமிச்சை அளவுக்கு வீங்கிச் சில வாரம் இருப்பது இயல்பு. அது தொடும்போது கெட்டியாக இருக்கும், நறநறக்காது, மாடு வழக்கம்போல் தின்னும்.

இந்த நோய்க்கு எதிரான தடுப்பு மிகப் பழையது. 1880களில் பிரான்சின் லியோன் நகரில் ஆர்லுவாங், கோர்னவான், தோமா ஆகிய மூவர் நோயில் செத்த மாட்டின் தசையை உலர்த்திப் பொடியாக்கி, சூடாக்கி வீரியம் குறைத்து, ஊசியாகப் போட்டார்கள். முதல் ஊசிக்கு அதிகம் சூடாக்கிய பொடி, இரண்டாவதுக்குக் குறைவாகச் சூடாக்கியது. இரண்டு ஊசி என்ற எண்ணம் அப்போதே இருந்தது. உயிருள்ள வித்துகளைக் கொண்ட அந்தப் பொடியின் இடத்தைப் பின்னாளில் ஃபார்மலினால் கொன்ற கிருமி பிடித்துக்கொண்டது.

தடுப்பூசி மண்ணிலிருக்கும் வித்தையும் அழிப்பதில்லை, தசைக்குள் ஏற்கெனவே உறங்கும் வித்தையும் அழிப்பதில்லை. அது செய்வது ஒன்றே ஒன்று. வித்து முளைத்த முதல் மணியிலேயே கிருமியைப் பிடிக்கவும் நச்சை முறிக்கவும் வேண்டிய புரதங்களை, இரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தத் தசைக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்திருக்கிறது. அதனால்தான் ஒரு நிலத்தில் ஒருமுறை நோய் வந்துவிட்டால், பத்து ஆண்டு ஒரு மாடும் சாகாவிட்டாலும், அங்கே பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் ஊசியைத் தொடரவேண்டியிருக்கிறது.